கடை திறப்பு விளம்பரத்துக்கு ரேட் கேட்கும்போது எங்கே தவறுகிறோம்?

“கடை திறப்பு விளம்பரம் போடணும். கால் பக்கம், கலர், வரும் வெள்ளிக்கிழமை. ரேட் சொல்லுங்க.”

பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்கு வரும் விசாரிப்புகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். கேட்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்ட நிறைவு. அளவு இருக்கிறது, நாள் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் இதே வரியை இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினால், ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாத இரண்டு பதில்கள் வரும். எது மலிவு என்று தெரியாமல், அதிகம் பேசிய விற்பனைப் பிரதிநிதியிடமே விளம்பரத்தைக் கொடுத்துவிடுவோம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

முதலில் “கால் பக்கம்”. எந்தப் பக்கத்தில் கால்? பெரிய அளவு நாளிதழின் பக்கத்தை நடுவில் மடித்தால் வருவது ஏறக்குறைய டேப்ளாய்டு பக்கம். ஆகவே பெரிய தாளில் கால் பக்கம் என்பது டேப்ளாய்டில் அரைப் பக்கத்தளவு இடம். ஒரே நாளிதழுக்குள்ளேயே முதன்மை இதழ் பெரிய தாளாகவும் உள்ளூர் இணைப்பு டேப்ளாய்டாகவும் வருவதுண்டு. “இணைப்பில் கால் பக்கம் போட்டால் ரொம்ப மலிவு” என்று குதிப்பவர்கள் பலர் வாங்கியிருப்பது பாதி இடத்தைத்தான். கால், அரை என்ற பேச்சு வாயளவில் இருக்கட்டும். கடிதத்தில் சென்டிமீட்டர் வரட்டும், அதுவும் எது அகலம், எது உயரம் என்ற குறிப்போடு. வெறும் “16 × 20” என்று எழுதினால் படுக்கை வடிவமா நிற்கும் வடிவமா என்று எதிராளி ஊகிக்க வேண்டியிருக்கும்.

சென்டிமீட்டரில் எழுதினாலும் இன்னொரு சிக்கல் பாக்கியிருக்கிறது. செய்தித்தாள் பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளாக, விளம்பரப் பேச்சில் காலங்களாக, பிரிக்கப்பட்டது. விளம்பரத்தின் அகலம் நம் இஷ்டத்துக்கு இருக்க முடியாது, முழுக் காலங்களில்தான் அடங்க வேண்டும். ஒரு காலம் 3.8 செ.மீ., காலங்களுக்கு இடையே 0.4 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு காலம் என்றால் 15.2 செ.மீ., கூடவே மூன்று இடைவெளிக்கு 1.2 செ.மீ., ஆக 16.4 செ.மீ. நீங்கள் 17 செ.மீ. அகலத்தில் டிசைன் செய்துவிட்டு ரேட் கேட்டால், அது நான்கில் அடங்காமல் ஐந்து காலத்துக்குப் போகும். அதன் அகலம் 20.6 செ.மீ. ஆறு மில்லிமீட்டருக்காக ஒரு முழுக் காலத்துக்குக் காசு. காலத்தின் அகலம் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். அதனால் டிசைனருக்கு வேலை கொடுப்பதற்கு முன்பே “உங்கள் பக்கத்தில் 3, 4, 5 காலங்களின் அகலம் எவ்வளவு?” என்று கேட்டுவிடுவது நல்லது. டிசைன் முடிந்த பிறகு கேட்டால் எழுத்துகளைப் பிதுக்கித்தான் உள்ளே அடைக்க வேண்டும். அப்படிப் பிதுங்கிய கடைப் பெயரைப் பக்கத்தைப் புரட்டும்போதே கண்டுபிடித்துவிடலாம்.

இனி விலை. ஒரு பத்திரிகை சதுர சென்டிமீட்டருக்கு ரேட் சொல்லும், இன்னொன்று காலம்-சென்டிமீட்டருக்குச் சொல்லும். காலம்-சென்டிமீட்டர் என்பது ஒரு காலம் அகலமும் ஒரு செ.மீ. உயரமும் கொண்ட துண்டு. நம் விளம்பரம் நான்கு காலம் அகலம், 20 செ.மீ. உயரம், இரண்டு பத்திரிகையிலும் ஒரே காலக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்திரிகையில் 16.4 × 20, அதாவது 328 சதுர செ.மீ. இரண்டாவதில் 4 × 20, அதாவது 80 காலம்-செ.மீ. முதல் பத்திரிகை ஒரு சதுர செ.மீ.க்கு 10 என்கிறது. இரண்டாவது ஒரு காலம்-செ.மீ.க்கு 38 என்கிறது. கேட்டவுடன் இரண்டாவது நான்கு மடங்கு என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 3280, இரண்டாவது 3040. அதிக விலை என்று ஒதுக்கியிருக்கக்கூடியதுதான் குறைவு. ஆக, “ரேட் என்ன?” என்று மட்டும் கேட்காமல் “இந்த அளவுக்கு, இந்த நாளில், எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேளுங்கள். ரேட்டையும் தனியே காட்டச் சொல்லுங்கள். அளவைக் குறைக்க நேர்ந்தால் கணக்குப் போட அது உதவும்.

“எல்லாம் சேர்த்து” என்பதில் என்னென்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலருக்கான கூடுதல், குறிப்பிட்ட பக்கத்துக்கான கூடுதல், அவர்களே டிசைன் செய்தால் அதற்கான கட்டணம், அரசு வரி. இதில் தமிழே ஒரு குறும்பு செய்யும். “வரி உண்டா?” என்று கேட்டால், சிறு விளம்பரப் பகுதியில் வரும் வரி விளம்பரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எதிர்முனையில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். படத்தோடும் கட்டத்தோடும் வருவது டிஸ்பிளே விளம்பரம். முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் கடிதம் தவறான மேஜைக்குப் போகாது.

பக்கம் பற்றி ஒரு சொல். “மூன்றாம் பக்கத்தில் போட முயற்சி செய்கிறோம்” என்பது வேறு, “மூன்றாம் பக்கம் உறுதி” என்பது வேறு. முன்னதற்குக் கூடுதல் கட்டணம் கொடுக்காதீர்கள்.

பத்திரிகையின் பெயர் போதாது

அந்த ஒரு வரியில் பதிப்பே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ரேட்டை மிக அதிகமாக மாற்றுவது இதுதான். ஒரு நாளிதழுக்குப் பல பதிப்புகள் இருக்கும். ஒரு பதிப்புக்குள்ளும் சில பக்கங்கள் மட்டும் பகுதிக்குப் பகுதி மாறும். பதிப்பைச் சொல்லாமல் கேட்டால், பெரும்பாலும் எல்லாப் பதிப்புக்கும் சேர்த்த பெரிய தொகையோ அந்த அலுவலகத்தின் தலைமைப் பதிப்புக்கான தொகையோ வரும். உங்கள் கடைக்கு வரச் சாத்தியமே இல்லாத வாசகர்களுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

பதிப்பின் பெயரைச் சொல்லிவிட்டாலும் தப்பித்துவிட முடியாது. ஒரு நகரத்தின் பெயரில் உள்ள பதிப்பு அந்த நகரத்தோடு நிற்பதில்லை. சில சமயம் நகரத்தை ஒட்டிய புறநகருக்குப் பக்கத்துப் பதிப்பு போய்க்கொண்டிருக்கும். பத்திரிகை லாரி போகும் வழியும் அச்சகத்தின் நேரமும் வரையும் எல்லை அது, வரைபடத்தில் தெரியாது. இதற்கு எளிய சோதனை உண்டு. கடையைச் சுற்றி இருக்கும் பேப்பர் முகவர் ஒருவரிடம் அன்றைய இதழை வாங்கி, அதில் எந்தப் பதிப்பு என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். அதோடு, வாடிக்கையாளர்கள் வரக்கூடிய நான்கைந்து பகுதிகளின் பெயரை எழுதி, “இவற்றுக்கு எந்தப் பதிப்பு போகிறது, அந்தப் பதிப்பு எத்தனை பிரதி?” என்று கேளுங்கள். நாளிதழின் மொத்த விற்பனையைச் சொல்லிப் பதிப்பின் எண்ணிக்கையைச் சொல்லாமல் நழுவினால், திரும்பக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வரும் வெள்ளி என்றால் எந்த வெள்ளி?

கடிதம் வியாழன் மாலை போய், அடுத்த நாள் பிரிக்கப்பட்டால் “வரும் வெள்ளி” ஒரு வாரம் தள்ளிப்போய்விடும். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பார்ப்பவர் கேட்டுவிடுவார். தேதி மட்டும் இருந்தால் தவறு அப்படியே அச்சேறும்.

அடுத்தது, திறப்பு நாளும் விளம்பர நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குத் திறப்பு என்றால், அன்று காலை இதழைப் பத்து மணிக்குப் புரட்டுபவருக்கு அது பழைய செய்தி. முந்தைய நாள் ஒன்று, திறப்பன்று ஒன்று என இரண்டு நாள் போடுவதே என் கணக்கில் சரி. கையில் காசு ஒரு நாளுக்குத்தான் என்றால் முந்தைய நாளை எடுப்பேன். இரண்டு நாளுக்கும் தனித்தனித் தொகையும், சேர்த்துப் போட்டால் என்ன தொகையும் கேளுங்கள். தள்ளுபடி பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கும். உள்ளூர் இணைப்பு எல்லா நாளும் வராமல் போகலாம், அதையும் தேதியோடு ஒத்துப் பாருங்கள்.

கடைசி நேரம் எது என்று கேட்கும்போது இரண்டு நேரங்களைக் கேட்க வேண்டும்: இடத்தை உறுதி செய்ய ஒன்று, டிசைன் ஃபைல் கொடுக்க ஒன்று. இணைப்புப் பக்கங்கள் பெரும்பாலும் முதன்மை இதழுக்கு முன்பே அச்சாகிவிடும், அதனால் அவற்றின் கெடு முன்னதாகவே முடியலாம். கூடவே ஒரு கேள்வி: திறப்பு தள்ளிப்போனால் எந்த நேரம் வரை காசு பிடிக்காமல் தேதியை மாற்றலாம்? மின் இணைப்போ உரிமமோ தாமதமாகித் திறப்பு தள்ளிப்போவது சாதாரணம். இதை முன்பே எழுத்தில் வாங்காதவர்கள்தான் திறக்காத கடைக்கு விளம்பரம் கொடுத்துவிட்டுப் பூட்டிய ஷட்டர் முன் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சரி, அந்த ஒரு வரியை இப்படி மாற்றி எழுதலாம்:

> விளம்பரப் பிரிவு மேலாளருக்கு வணக்கம்.
>
> எங்கள் புதிய கடையின் திறப்பு 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு. அதற்கான டிஸ்பிளே விளம்பரத்துக்கு மொத்தச் செலவு தெரிய வேண்டும்.
>
> அளவு: அகலம் 4 காலம், உயரம் 20 செ.மீ., கலர். உங்கள் பக்கத்தில் 4 காலத்தின் அகலம் எத்தனை செ.மீ. என்றும் தெரிவிக்கவும்.
>
> பதிப்பு: கீழே குறித்துள்ள ஐந்து பகுதிகளுக்குப் போகும் பதிப்பு மட்டும். அதன் பிரதி எண்ணிக்கையும் வேண்டும்.
>
> நாள்: (அ) 13 வியாழன் மட்டும் (ஆ) 13 வியாழன், 14 வெள்ளி இரண்டும். இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகை வேண்டும். இடம்: முதன்மை இதழ், உட்பக்கம்.
>
> தொகையில் கலர் கூடுதலும் அரசு வரியும் சேர்த்துக் காட்டவும். டிசைன் நாங்களே தருவோம். இடம் உறுதி செய்யவும் ஃபைல் தரவும் கடைசி நேரம், தேதி மாற்றும் விதிமுறை, இந்த விலை எதுவரை செல்லும் என்பதையும் குறிப்பிடவும்.

இதையே ஓர் எழுத்தும் மாற்றாமல் எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்புங்கள். ஒருவருக்கு நான்கு காலம், இன்னொருவருக்கு “ஏறக்குறைய கால் பக்கம்” என்று எழுதினால் மேலே போட்ட கணக்கு முழுக்க வீண். பதில் போனில் வந்தால் கேட்டுக்கொண்டு, “இதையே மெயிலில் அனுப்பிடுங்க” என்று சொல்லுங்கள். அனுப்பிய மெயிலில் போனில் சொன்ன தொகைதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டிசைனரைக் கூப்பிடலாம்.