மேல்படிப்புக்குப் போகும் நர்ஸ் எழுதும் ராஜினாமா மெயில்

உங்கள் மெயிலைத் திறக்கும் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் முதலில் தேடுவது ஒரு தேதியைத்தான். எந்த நாளிலிருந்து உங்கள் பெயரை டியூட்டி லிஸ்ட்டில் போடக் கூடாது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுத உட்காரும் முன் அந்தத் தேதியைக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

முதலில் பணி நியமன ஆணையை எடுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், பாண்ட் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 1 அன்று மெயில் அனுப்பி, மறுநாளிலிருந்து எண்ணினால் முப்பதாவது நாள் ஜூலை 1. அனுப்பிய நாளையும் சேர்த்து எண்ணினால் ஜூன் 30. எப்படி எண்ணுகிறார்கள் என்று எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

நர்ஸுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நைட் டியூட்டி. ஜூலை 1 இரவு ஏறினால் இறங்குவது ஜூலை 2 காலையில். வெறுமனே "ஜூலை 1 வரை" என்று எழுதினால், அன்று இரவு நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று குழப்பம் வரும். எந்த ஷிப்ட்டோடு முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து, வார்டு இன்சார்ஜிடம் நேரில் சொல்லுங்கள். மேலிடத்திலிருந்து செய்தி கேட்டால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். அப்புறம் சூப்பரின்டென்டன்டுக்கு மெயில், எச்ஆருக்கும் இன்சார்ஜுக்கும் நகல். சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் வையுங்கள். வேலையை விட்டதும் அலுவலக மெயிலை மூடிவிடுவார்கள்.

மெயில் இப்படி இருக்கலாம்:

> பொருள்: ராஜினாமா – (பெயர்), ஸ்டாஃப் நர்ஸ், ஐசியூ – கடைசி நாள் ஜூலை 1
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> எம்.எஸ்சி. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருப்பதால், ஸ்டாஃப் நர்ஸ் பணியை ராஜினாமா செய்கிறேன். ஜூலை 1 பகல் ஷிப்ட் எனது கடைசிப் பணி.
>
> வென்டிலேட்டரில் இருப்பவரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் துணிச்சல் எனக்கு இந்த ஐசியூவில்தான் வந்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த இன்சார்ஜ் சிஸ்டருக்கும் உங்களுக்கும் நன்றி.
>
> என் பொறுப்பில் உள்ள பதிவேடுகளை அதற்குள் ஒப்படைத்துவிடுகிறேன். இந்த மெயிலைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண்)

இதில் நன்றிக்கு இரண்டே வரி. ஆனால் வென்டிலேட்டர் என்ற ஒரு சொல் இருப்பதால் அது இவருடைய நன்றியாகிவிடுகிறது. "நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதினால் யார் பெயரையும் கீழே போட்டுக்கொள்ளலாம். நோயாளிகளின் பெயரோ விவரமோ மட்டும் வேண்டாம்.

"ராஜினாமா செய்யலாம் என்று நினைக்கிறேன்" என்று பணிவுக்காக எழுதுபவர்கள் உண்டு. அதை ராஜினாமாவாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். நோட்டீஸ் நாளும் ஓடத் தொடங்காது. சம்பளக் குறை, ஆள் பற்றாக்குறை எல்லாம் இங்கே வேண்டாம். அனுபவச் சான்றிதழ், மீதி விடுப்புக் கணக்கு ஆகியவற்றை எச்ஆருக்குத் தனி மெயிலில் கேளுங்கள்.

இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அதே மெயிலை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.