நீதிமன்றச் சுற்றறிக்கையைக் குமாஸ்தாவுக்குச் சுருக்கித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டுப் பக்கச் சுற்றறிக்கையை ஒரு பக்கத்துக்குக் குறைத்தால் சுருக்கம் தயார் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வக்கீல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்குச் சுற்றறிக்கையின் சாரம் தேவையில்லை. நேற்றுவரை செய்த வேலையில் நாளை காலை எது மாறுகிறது என்பதுதான் தேவை.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். சுற்றறிக்கை இப்படிச் சொல்வதாகக் கொள்ளுங்கள்: ஜூலை 1 முதல் தாக்கலாகும் எல்லா மனுக்களும் இணையவழியில்தான் வர வேண்டும். மாலை 5 மணிக்குப் பிறகு பதிவேற்றியது அடுத்த வேலை நாளில் தாக்கலானதாகக் கொள்ளப்படும். தாக்கலான நாள் நீங்கலாக மூன்று வேலை நாட்களுக்குள் அச்சுப் பிரதியைத் தர வேண்டும். வாய்தா கேட்கும் கடிதம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நகல் கொடுத்த அத்தாட்சியோடு, விசாரணைக்கு முந்தைய வேலை நாள் மாலை 4 மணிக்குள் வந்துசேர வேண்டும்.

இதை “இனி இணையவழித் தாக்கல், 3 நாளில் பிரதி, வாய்தாவுக்கு முதல் நாளே கடிதம்” என்று சுருக்குபவர்கள் உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறவிட்டால் வேலையைக் கெடுக்கும் விவரங்கள் எல்லாம் இதில் விடுபட்டுவிட்டன.

நாள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு நீதிமன்ற விடுமுறை. வியாழன் மாலை 5.10க்கு ஒரு மனு பதிவேறுகிறது. அது வெள்ளிக்கிழமைத் தாக்கல். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. பிரதிக்குக் கடைசி நாள் புதன். ஐந்து மணி விதியைக் கவனிக்காதவர் செவ்வாய் என்பார். அதில் நஷ்டமில்லை, ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுவார். ஆனால் அந்த வியாழக்கிழமையே சட்டப்படி மனு போடக் கடைசி நாளாக இருந்தால்? அந்தப் பத்து நிமிடத்தால் காலதாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டிவரும். ஆகவே சுருக்கத்தில் இந்த மணிக்கணக்கு முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் யார் கண்ணிலும் படாது.

வாய்தாக் கடிதத்திலும் இதே சிக்கல்தான். “முதல் நாள்” என்று எழுதினால், திங்கள் விசாரணைக்கு ஞாயிறு என்று குமாஸ்தா புரிந்துகொள்வார். வெள்ளி மாலை 4 மணி என்று கிழமையோடு உதாரணம் கொடுங்கள். விசாரணையன்று காலை கோர்ட் ஹாலில் கடிதத்தை நீட்டும் பழக்கம் இதோடு முடிகிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பழைய பழக்கத்தைப் பெயர் சொல்லி நிறுத்தாவிட்டால் அது தொடரும்.

அடுத்தது, சுற்றறிக்கையின் தலைப்புப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது. “முந்தைய சுற்றறிக்கையை ரத்து செய்து” என்றிருந்தால் பழையதை எடுத்துவிடலாம். “பகுதித் திருத்தமாக” என்றிருந்தால் திருத்தப்படாத பத்திகள் அப்படியே நடைமுறையில் இருக்கும். பக்க எண், அட்டவணை, பிரதிகளின் எண்ணிக்கை போன்றவை பெரும்பாலும் அந்தப் பழைய பத்திகளில்தான் கிடக்கும். புதியதை மட்டும் படித்து எழுதிய சுருக்கத்தை நம்பி மனுக் கட்டைத் தயார்செய்தால், மனு குறை குறிக்கப்பட்டுத் திரும்பிவரும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதற்குக் குறுக்கு வழியில்லை.

எந்த வழக்குகளுக்குப் பொருந்தும் என்பதையும் தனியாக எழுத வேண்டும். “ஜூலை 1 முதல் தாக்கலாகும் எல்லா மனுக்களும்” என்றால், பழைய வழக்கில் ஜூலையில் போடும் இடைக்கால மனுவும் அதில் அடங்கும். “புதிய வழக்குகள்” என்றிருந்தால் அடங்காது. ஜூனில் கொடுத்து, குறையோடு திரும்பி, ஜூலையில் மறுபடி தாக்கலாகும் மனுவின் கதி என்ன? சுற்றறிக்கை சொல்லவில்லை. இங்கே ஊகத்தை விதிபோல எழுதிவிடக் கூடாது. “பதிவகத்தில் கேட்டபின் செய்யவும்” என்று குறித்து, கேட்பவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

“வேண்டும்”, “அனுமதிக்கலாம்” இரண்டையும் ஒன்றாக்குவது சிறிய தவறுபோலத் தெரியும். தாமதமான கடிதத்தை நீதிபதி ஏற்கலாம் என்றிருப்பது குமாஸ்தாவுக்குத் தந்த அவகாசம் அல்ல.

மேலே சொன்ன மாதிரியைச் சுருக்கினால் இப்படி வரும்:

பதிவேற்றம்: முன்பு கவுன்டரில் நேரில், ஜூலை 1 முதல் எல்லா மனுக்களும் இணையவழி, மாலை 5 மணிக்குள். தாண்டினால் அடுத்த வேலை நாள் கணக்கு. (பத்தி 3, 4)

அச்சுப் பிரதி: தாக்கலான நாள் நீங்கலாக மூன்றாவது வேலை நாளுக்குள். தாக்கலான அன்றே கடைசித் தேதியை டைரியில் குறிக்கவும். (பத்தி 5)

வாய்தாக் கடிதம்: முந்தைய வேலை நாள் மாலை 4 மணிக்குள், திங்கள் விசாரணை என்றால் வெள்ளி. விசாரணையன்று காலை கோர்ட் ஹாலில் கொடுப்பது இனி இல்லை. நகல் அத்தாட்சி இல்லாமல் அனுப்பக் கூடாது. (பத்தி 7)

மாறாதவை: பிரதிகளின் எண்ணிக்கை, அட்டவணை முறை. (பழைய சுற்றறிக்கை)

பத்தி எண் கட்டாயம் இருக்கட்டும். பதிவக ஊழியர் மறுத்தால் குமாஸ்தா மூலத்தில் அந்த இடத்தைக் காட்ட முடியும்.