டிஎஸ்எச் மட்டும் கூடியிருக்கிறதா? தைராய்டு ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

என் அக்காவின் ரிப்போர்ட்டையே வைத்துச் சொல்கிறேன். வயது 38, கர்ப்பமாக இல்லை, தைராய்டு மாத்திரையும் எடுக்கவில்லை. டிஎஸ்எச் 6.8, பக்கத்தில் H என்ற குறி. ஃப்ரீ டி4 1.1.

படி 1: எதிரே உள்ள வரம்பைப் பாருங்கள். அவருடைய லேபில் டிஎஸ்எச் வரம்பு 0.4 முதல் 4.0 வரை, ஃப்ரீ டி4 வரம்பு 0.8 முதல் 1.8 வரை. லேபுக்கு லேப் இது கொஞ்சம் மாறும். அதனால் இணையத்தில் பார்த்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

படி 2: டிஎஸ்எச்சைத் தலைகீழாகப் படியுங்கள். பலர் குழம்புவது இங்கேதான். டிஎஸ்எச் கூடினால் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். டிஎஸ்எச் தைராய்டிலிருந்து வருவதில்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. ரத்தத்தில் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 குறைந்தால், "இன்னும் சுர" என்று அது விரட்டும் விரட்டுதான் டிஎஸ்எச். டி4 லேசாக இறங்கினாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறும். அதனால்தான் டி4 வரம்புக்குள் இருக்கும்போதே டிஎஸ்எச் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

படி 3: அடுத்து ஃப்ரீ டி4, அதாவது புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் டி4. மொத்த டி4-ஐ விட இதையே கேட்டு வாங்குங்கள் என்பேன். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும், ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் கூடுவதால் மொத்த அளவு நோய் இல்லாமலேயே கூடித் தெரியும். அக்காவுக்கு ஃப்ரீ டி4 சரியாக இருந்தது. அப்படியென்றால் இது எல்லைக்கோட்டு நிலை. டி4-ம் குறைந்திருந்தால் கதை வேறு, சிகிச்சை தேவைப்படும்.

படி 4: மறுபரிசோதனை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து பொதுவாக மாத்திரை தொடங்குவதில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். டிஎஸ்எச் இரவிலும் விடியற்காலையிலும் கூடும், பிற்பகலில் குறையும். காய்ச்சல் போன்ற நோயிலிருந்து தேறும்போதும் தற்காலிகமாக ஏறும். எனவே அதே லேப், அதே காலை நேரம். கூடவே ஆன்டி டிபிஓ பரிசோதனையும் எழுதுவார்கள். அது பாசிட்டிவ் என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது என்று பொருள். பின்னாளில் தைராய்டு குறைபாடு வரும் வாய்ப்பும் அதிகம்.

அக்காவுக்கு இரண்டாம் முறை டிஎஸ்எச் 5.4, ஆன்டி டிபிஓ பாசிட்டிவ். பெரிய தொந்தரவு எதுவும் இல்லாததால் டாக்டர் மாத்திரை தரவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பெரும்பாலும் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்குவார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயல்பவர்களும் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது, ரிப்போர்ட் வந்தவுடன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை: முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை எடுக்கும் ஒருவர், டிஎஸ்எச் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் வந்ததாக எழுதியிருந்தார். சில லேப் கருவிகளில் பயோட்டின் இப்படித் தப்பான எண் காட்ட வைக்கும். இரண்டு நாளாவது அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். ஏற்கெனவே லெவோதைராக்சின் எடுப்பவர்கள் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீ டி4 சற்றுக் கூடித் தெரியும்.