"எத்தனை பேர் இருக்கிறார்களா?": ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்வி

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கம் ஒருமுறை வீட்டுக்கு வீடு ஒரு கேள்வித்தாள் கொடுத்தது. நிரப்பி வந்த தாள்களைத் தொகுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களா?" பலர் 4, 5 என்று எண் போட்டிருந்தார்கள். சிலர் மட்டும் "ஆம்" என்று எழுதிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "இருக்கிறார்களா" என்று கேட்டால் "ஆம்" என்பதும் பதில்தானே.

எழுதியவர் மனத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று, "எத்தனை பேர் இருக்கிறார்கள்?" மற்றொன்று, "குழந்தைகள் இருக்கிறார்களா?" என்பது போன்ற ஒன்று. இரண்டும் கை வழியே இறங்கும்போது ஒட்டிக்கொண்டன. அழைப்பிதழ்களிலும் கடிதங்களிலும் இந்த ஒட்டல் நிறையவே கண்ணில் படுகிறது: "தாங்கள் எந்தத் தேதியில் வருவீர்களா என்று தெரிவிக்கவும்."

தமிழில் வினா எழுத்துகள் எங்கே நிற்கும் என்பதை நன்னூல் ஒரே நூற்பாவில் சொல்லிவிடுகிறது. எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ இரண்டும் சொல்லின் கடைசியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். இடம் மாறினால் கேட்பதும் மாறுகிறது. எது, எங்கே, எத்தனை, யார் என்பவை வாக்கியத்தில் ஒரு வெற்றிடத்தை வைத்து, "இதை நிரப்பு" என்று கேட்கின்றன. கடைசியில் வரும் ஆ அப்படி எதையும் நிரப்பச் சொல்வதில்லை. முழுதாக இருக்கிற ஒரு செய்தியை எடுத்து நீட்டி, "இது சரியா, இல்லையா?" என்று கேட்கிறது. வெற்றிடம் உள்ள செய்தியைச் சரியா என்று கேட்க வழியில்லை. அதனால்தான் "எத்தனை பேர்" வந்த வாக்கியத்தின் வினைமுற்றில் ஆ ஒட்டுவதில்லை.

ஓகாரத்துக்கு இந்தத் தடை கிடையாது. "எங்கே போனானோ", "எத்தனை பேர் வருவார்களோ" என்று தாராளமாக எழுதலாம். அங்கே ஓ வேறொரு வேலை செய்கிறது. தெரியவில்லையே என்ற ஐயத்தைத்தான் அது காட்டுகிறது, யாரிடமும் பதில் கேட்கவில்லை.

அதே தாளில் இன்னொரு கேள்வி: "நீங்களா இந்தப் படிவத்தை நிரப்புகிறீர்களா?" இது வேறு வகைப் பிழை. இங்கே எகர வினா இல்லை, ஆ மட்டும் இரண்டு முறை வந்திருக்கிறது. ஆ எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ, அதன்மேல்தான் சந்தேகம். "கண்ணன் நேற்று மதுரைக்குப் போனானா?" என்றால் போனதே சந்தேகம். "கண்ணன் நேற்றா மதுரைக்குப் போனான்?" என்றால் போனது தெரியும், நாள்தான் சந்தேகம். "நேற்று மதுரைக்கா போனான்?" என்றால் ஊர். "கண்ணனா போனான்?" என்றால் ஆள். ஒவ்வொரு முறையும் ஆ ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது பெயருக்கு நகர்ந்ததும் வினைமுற்று வெறுமனே நிற்கிறது. "கண்ணனா போனானா?" என்று இரண்டிலும் வைத்தால், எதைக் கேட்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். சங்கத்தின் கேள்வியை "இந்தப் படிவத்தை நிரப்புவது நீங்களா?" என்று திருப்பிப் போட்டேன். ஆ எழுவாயில் உட்காரும்போது இந்த அமைப்பு எழுத்தில் தெளிவாக இருக்கும். பேச்சில் குரலை அழுத்திக் காட்டலாம், தாளில் அது முடியாது.

மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிக வேலை வைத்தது: "குடிநீருக்குக் குழாயா கிணறா பயன்படுத்துகிறீர்களா?" மூன்று ஆ. இதில் முதல் இரண்டும் சரி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழ் இரண்டிலும் ஆ வைக்கும்: "காப்பியா, டீயா?" இதை இரட்டிப்பு என்று நினைத்து ஒன்றை வெட்டக்கூடாது. மூன்றாவது ஆதான் அதிகப்படி. இதே பொருளை வினையில் வைத்துக் கேட்க வேண்டுமானால், "காப்பி வேண்டுமா, டீ வேண்டுமா?" என்று வினையையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். இடையில் "அல்லது" போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆ இரண்டிலும் இருக்கும்போது அது வெறும் சுமை என்பது என் கருத்து.

ஆனால் "காப்பி அல்லது டீ வேண்டுமா?" என்று கடைசியில் ஒரே ஓர் ஆ வைத்தால் கேள்வியே வேறாகிவிடும். குடிக்க ஏதாவது வேண்டுமா என்பதுதான் அது. அதற்கு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். "காப்பியா, டீயா?" என்பதற்கு அப்படிச் சொன்னால் கேட்டவர் கொஞ்சம் விழிப்பார். சங்கத்துக்கு எது வேண்டும் என்று செயலாளரைக் கேட்டேன். எந்த வீட்டில் கிணற்று நீர் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. "குடிப்பது குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா?" என்று மாற்றினோம். அப்புறம் ஒருவர், இரண்டும் உண்டே என்றார். "இரண்டும்" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அது இலக்கணத்தின் குறை இல்லை.

"வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைப்பு உள்ளதா அல்லவா?" என்றும் ஒரு வரி இருந்தது. "அல்லவா"வுக்குள் ஏற்கெனவே ஓர் ஆ இருக்கிறது. அது முழுச் செய்தியின் பின்னால் நின்று "நான் சொல்வது சரிதானே" என்று தலையாட்டச் சொல்லும்: "அடைப்பு உள்ளது அல்லவா?" முன்னால் உள்ள வினையிலும் ஆ வைத்தால், செய்தியே இல்லாமல் தலையாட்டச் சொல்வதாகிவிடும். "தானே"யும் அப்படித்தான். "வருவாய்தானே?" சரி, "வருவாயா தானே?" தவறு. உண்மையாகவே தெரியாமல் கேட்டால் "உள்ளதா, இல்லையா?" என்று எழுதலாம். அது காப்பியா டீயா போன்ற ஜோடி.

இவ்வளவு வெட்டிய வேகத்தில் கடைசிக் கேள்வியிலும் பேனாவை வைக்கப் போனேன்: "மழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்குமா என்று தெரியுமா?" இரண்டு ஆ இருந்தும் இது சரியான வாக்கியம். தேங்குமா என்பது "என்று" வரை உள்ள உள்வாக்கியத்துக்கு. தெரியுமா என்பது வெளி வாக்கியத்துக்கு. வினைகள் இரண்டு, ஆளுக்கு ஓர் ஆ. "யார் வந்தார்கள் என்று தெரியுமா?" என்பதும் இதனால்தான் சரி. அங்கே "யார்" என்பது "வந்தார்கள்" என்ற வினையைச் சேர்ந்தது, ஆ "தெரியும்" என்ற வினையைச் சேர்ந்தது. சந்தேகம் வந்தால், வினாச்சொல் எந்த வினையோடு போகிறது என்று பார்த்தால் போதும். "எப்போது வருவார் என்று சொன்னாரா?" என்பதற்கு "சொன்னார்" என்று பதில் சொல்லலாம். "எப்போது வருவார் என்று சொன்னார்?" என்பதற்கு "நாளைக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டும் நல்ல தமிழ், கேள்விகள்தான் வேறு.

இரட்டிப்பு போலத் தோன்றும் வேறு சில இடங்களும் உண்டு. "யாராவது வந்தார்களா?" என்பதில் யாராவது வினாச்சொல் இல்லை, யாரேனும் ஓர் ஆள் என்றுதான் பொருள். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்பதில் ஏன் தனியாக நிற்கும் ஒரு கேள்வி, அதன் பின்னால் உள்ள காற்புள்ளியை விட்டால் வாக்கியம் குழம்பும். "எங்கேயா? ஊருக்குத்தான்!" என்று பதில் சொல்பவர் நம் கேள்வியையே திருப்பிக் காட்டுகிறார். வினாச்சொல்லில் ஆ நேராக ஒட்டுவது பெரும்பாலும் இந்த எதிரொலியில்தான்.

பேச்சை அப்படியே எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். "அவர் டாக்டரா இருக்காரா?" என்பதில் முதல் ஆ வினாவே இல்லை, "ஆக" தேய்ந்து வந்தது. எழுத்தில் "டாக்டராக இருக்கிறாரா?" என்று முழுதாக எழுதிவிட்டால் தீர்ந்தது. ஒற்று மிகுவதிலும் இந்த வேறுபாடு தெரியும். "தலைவராகப் போனார்" என்று ஆகவுக்குப் பின் ப் மிகும், "தலைவரா போனார்?" என்று வினா ஆவுக்குப் பின் மிகாது. "நீயாச் சொன்னாய்?" என்று கேள்வியில் ச் போடுவது பிழை.

ஒட்டும் விதத்தில் பலர் தடுமாறுவது உகரத்தில்தான். வீடு, வந்தது போன்றவற்றில் உ போய் வீடா, வந்ததா என்றாகும். அது, பசு போன்ற இரண்டு குறில் சொற்களில் உ அப்படியே நின்று அதுவா, பசுவா என்றாகும். கிணறு என்பது "கிணற்றில்" என்று மாறினாலும், வினாவில் கிணறாதான், கிணற்றா இல்லை.

கேள்விக்குறியிலும் ஒரு வகை இரட்டிப்பு நடக்கிறது. "தண்ணீர் வருமா என்று தெரியவில்லை?" என்று எழுதுகிறார்கள். கேள்வி உள்ளே இருக்கிறது, வெளி வாக்கியம் "தெரியவில்லை" என்று செய்தி சொல்கிறது. முற்றுப்புள்ளிதான் வர வேண்டும். "வருவாரா எனக் கேட்டார்" என்பதும் அப்படியே. "வருவாரா??" என்று இரண்டு குறி போட்டாலும் கேள்வி கூடுவதில்லை. அந்த வேலையை ஆ முன்பே முடித்துவிட்டது.

திருத்திய தாளை மறுபடி வீடு வீடாகக் கொடுத்தோம். இந்த முறை முதல் கேள்விக்கு யாரும் "ஆம்" எழுதவில்லை. ஒரு வீட்டில் மட்டும் "4, நாயோடு 5" என்று இருந்தது.