கற்பனை உலகத்துக்கு நாட்காட்டி செய்வது எப்படி: மிஞ்சும் பத்து நாளும் ஒரு திருவிழாவும்

ஃபேன்டசி கதை எழுத உட்காருகிறவர்கள் நாட்காட்டி என்றதும் பன்னிரண்டு மாதங்களுக்குப் புதுப்பெயர் தேட ஆரம்பிப்பார்கள். என் முதல் கதைக்கு நானும் அதைத்தான் செய்தேன். பெயர்கள் நன்றாகவே வந்தன. ஆனால் கதையின் நடுவில் வந்த விளக்குத் திருவிழாவை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது ஒரு காட்சிகூட மாறவில்லை. அந்தத் திருவிழா ஏன் அந்த நாளில் வருகிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லாததுதான் காரணம்.

அந்தப் பதிலை எப்படி உண்டாக்குவது என்று இங்கே பார்க்கலாம். கடலோரத்தில் உப்பு விளைவிக்கும் ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: பருவத்தை வேலையிலிருந்து எடுங்கள்

வசந்தம், கோடை என்று தொடங்க வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் எப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மழை நின்றதும் கரைந்துபோன வரப்புகளைத் திரும்பக் கட்டி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவார்கள். அது 60 நாள். பிறகு கடல்நீரை உள்ளே விட்டு, வெயிலில் காயவைத்து, உப்பு வாருவார்கள். அது 170 நாள். கடைசியில் மழை, 110 நாள். மொத்தம் 340 நாள், அதுதான் அவர்களுடைய ஒரு வருடம்.

அப்படியானால் அவர்கள் வாயில் பருவங்களின் பெயர் மிதி, வாரல், மழை என்றுதான் வரும். பழைய எகிப்தியர்களும் இப்படித்தான் வைத்திருந்தார்கள்: நைல் பெருகும் காலம், பயிர் முளைக்கும் காலம், அறுவடைக் காலம் என்று மூன்றே பருவங்கள்.

வருடத்தின் நீளத்தை முடிவு செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அதை 500 நாள் என்று வைத்தால், உங்கள் பதினைந்து வயதுச் சிறுமி நம் கணக்கில் இருபது வயதைத் தாண்டியவள். 340 என்றால் வாசகருக்கு வயது பெரிதாக உறுத்தாது.

படி 2: நிலவைச் சேருங்கள், மிச்சத்தைப் பாருங்கள்

நிலவு எதற்கு? அழகுக்காக என்றால் வேண்டாம். இங்கே அதற்கு வேலை இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும். பாத்திக்குத் தண்ணீர் விட அதுதான் நேரம். அதனால் இவர்கள் நிலவைப் பார்த்து மாதம் எண்ணுவது இயல்பு.

நிலவின் சுற்று 30 நாள் என்று வைப்போம். பதினோரு மாதம் சேர்ந்தால் 330 நாள். வருடமோ 340. ஆக, ஒவ்வொரு வருடமும் பத்து நாள் மிஞ்சுகிறது.

தொடக்கத்தில் பலர் இந்த மிச்சத்தைப் பிழை என்று நினைத்து, எண்களை மாற்றி எல்லாவற்றையும் சரியாகப் பொருத்திவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். நம்முடைய உலகத்திலேயே பன்னிரண்டு நிலவு மாதம் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள்தான். சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைவு. அந்த 11 நாளை என்ன செய்வது என்பதில்தான் சமூகங்கள் வேறுபட்டன. சிலர் சில வருடங்களுக்கு ஒரு முறை கூடுதல் மாதம் சேர்த்தார்கள். இஸ்லாமிய நாட்காட்டி அப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் ரமலான் மாதம் ஏறக்குறைய 33 வருடங்களில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

உப்பு ஊர்க்காரர்களால் அப்படி விட முடியாது, அவர்கள் மழைக்கு முன் வேலையை முடித்தாக வேண்டும். அதனால் மூன்று வருடத்தில் சேரும் முப்பது நாளை ஒரு தனி மாதமாக, மூன்றாம் வருடத்தின் கடைசியில் வைக்கிறார்கள். அதற்குப் பெயர் கிடையாது. "எண்ணாத மாதம்" என்பார்கள்.

படி 3: திருவிழாவைப் பொருத்துங்கள்

வாரல் முடிகிற நேரத்தில் ஒரு விழா இருக்கட்டும். எட்டாம் மாதப் பௌர்ணமியன்று கடைசிக் குவியலின் மேல் ஓலை வேய்ந்து மூடுவார்கள். அதற்குப் பிறகு மழை முடியும்வரை யாரும் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. இதுதான் அந்த விழாவின் விதி.

இப்போது கணக்கைப் போடுங்கள். முதல் வருடத்தில் எட்டாம் மாதப் பௌர்ணமி சூரியக் கணக்கில் 225-ஆம் நாள் வருகிறது. மழை தொடங்குவது 230-க்குப் பிறகு. ஐந்து நாள் இடைவெளி, நிம்மதியாகக் கொண்டாடலாம். இரண்டாம் வருடம் அதே பௌர்ணமி 215-இல் வரும். மூன்றாம் வருடம் 205-இல் வரும். அதாவது மூன்றாம் வருடத்தில் இன்னும் 25 நாள் நல்ல வெயில் மிச்சம் இருக்கும்போதே பாத்தியை மூடிவிட வேண்டும்.

கண்ணெதிரே உப்பு விளைந்து கிடக்கும், வாரக் கூடாது. கடன் வாங்கியவன் என்ன செய்வான்? இரவில் திருட்டுத்தனமாக யார் இறங்குவார்கள்? எனக்கு இந்த இடத்தில்தான் அந்த ஊர் உயிரோடு இருப்பதாகத் தோன்றியது. கதாபாத்திரங்களின் சண்டையை நான் யோசித்து உண்டாக்கவில்லை, கணக்கே கொண்டுவந்து கொடுத்தது.

அப்புறம் இன்னொன்று. பாத்தி முதலாளிகள், "எண்ணாத மாதத்தை இந்த முறை விழாவுக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள், முப்பது நாள் கூடுதலாகக் கிடைக்கும்" என்று நாள் குறிக்கும் கிழவியிடம் போய் நிற்கலாம். அப்படி வைத்தால் விழா 205-இலிருந்து 235-க்குப் போகும். ஓலை வேய்வதற்குள் ஐந்து நாள் மழை குவியலின் மேல் இறங்கியிருக்கும். கிழவிக்கு அது தெரியும். முதலாளிகளுக்கு அவள் பயந்தால் ஒரு கதை, பயப்படாவிட்டால் வேறொரு கதை.

எண்ணாத மாதத்தில் கூலி உண்டா, வட்டி ஓடுமா, அந்த மாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயது எப்படிக் கணக்கிடுவது என்பதையும் ஓரிரு வரியில் குறித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்காரன் ஒன்று சொல்வான், முதலாளி வேறு சொல்வான்.

படி 4: கதைக்குள் கொண்டுவாருங்கள்

இத்தனை கணக்கும் உங்களுக்கு மட்டும்தான். கதையில் அதை விளக்கத் தொடங்கினால் வாசகர் நகர்ந்துவிடுவார். ஒரு கை அசைவிலோ ஒரு பேச்சிலோ அது தெரிந்தால் போதும். இப்படி:

"அம்மா ஓலைக்கட்டை இறக்கிவிட்டு வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. 'மூணாம் வருஷ வெயில்' என்று முணுமுணுத்து, குதிகாலில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிப் பாத்திக்குள்ளேயே போட்டாள்."

மூன்றாம் வருடத்தில் என்ன என்று வாசகருக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது தெரிகிறது. மாதப் பெயர்களையும் இப்படியே தவிர்க்கலாம். "ஆறாம் மாதம் பதினைந்தாம் நாள்" என்பதைவிட "மூடலுக்கு இரண்டு பௌர்ணமி முன்னால்" என்று பேசவிட்டால், மனப்பாடம் செய்ய எதுவும் இருக்காது.

படி 5: இரண்டு எண் வைத்துச் சரிபாருங்கள்

ஒரு நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே இரண்டு எண்களை எழுதுங்கள்: வருடத்தின் எத்தனையாவது நாள், நிலவின் எத்தனையாவது நாள். மிக அதிகமாக நடக்கும் தவறு இதில் உடனே சிக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் முழுநிலவில் இருவர் சந்திப்பார்கள். பத்து நாள் பயணம் முடிந்து நான்காம் அத்தியாயத்தில் மறுபடியும் முழுநிலவு காயும். பத்து நாளில் அது தேய்பிறையாகி, நள்ளிரவுக்கு வெகு நேரம் கழித்துத்தான் உதிக்கும். அந்த இரவுக் காட்சியை இருட்டில் திருப்பி எழுதுங்கள்.