லிபி செயலியில் மின்னூல் இரவல்: வரிசையில் நின்று ஏமாறும் இடங்கள்

அமெரிக்காவில் குடியேறி, ஊர் நூலகத்தில் அட்டை வாங்கி, ஆசையாக லிபி செயலியைத் திறந்து (Libby என்று எழுதுவார்கள், நம் எழுத்து லிபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) புதிதாக வந்த ஒரு நாவலைத் தேடினால் 12 பிரதிகள், 96 பேர் காத்திருக்கிறார்கள் என்று வருகிறது. மின்னூல் வெறும் கோப்புதானே, ஒரே நாளில் ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் என்ன, எதற்கு வரிசை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த நினைப்பிலிருந்துதான் மற்ற தவறுகளும் வருகின்றன.

நூலகம் பதிப்பகத்திடம் வாங்குவது கோப்பை அல்ல, உரிமத்தை. பெரும்பாலான நூல்களுக்கு ஓர் உரிமம் என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாசகர். அலமாரியில் இருக்கும் அச்சுப் பிரதி எப்படியோ அப்படியேதான், நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் அந்த இடம் காலி. தவணை முடிந்ததும் நூல் தானாகத் திரும்பிவிடும், அபராதம் என்ற பேச்சே இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அதுவே நம்மைச் சோம்பேறியாக்கி விடுகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் தவறு, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் Place Hold அழுத்துவது. எட்டு நூல்களுக்கு முன்பதிவு செய்கிறீர்கள், இரண்டு மாதம் சத்தமே இல்லை, திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் நானூறு பக்கம், தவணை 14 நாள். மூன்றையும் பதறிப்போய் எடுத்தால் ஒன்றைக்கூட முடிக்க மாட்டீர்கள், மூன்றுக்கும் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். முன்பதிவு செய்த நூல் கைக்கு வந்ததும் அதை எடுக்க உங்களுக்கு மூன்று நாள் இருக்கிறது. அந்த மூன்று நாளுக்குள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் Deliver Later போட வேண்டும், எத்தனை நாள் கழித்து வேண்டும் என்று அதில் நீங்களே சொல்லலாம். பலர் இதைத் தொடவே பயப்படுகிறார்கள், வரிசையில் இடம் போய்விடும் என்று. போகாது. நூல் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும், ஆனால் நீங்கள் வரிசையின் முன்னாலேயே இருப்பீர்கள், நீங்கள் சொன்ன நாள் முடிந்த பிறகு அடுத்து காலியாகும் பிரதி உங்களுக்கு வரும். இடம் போவது முன்பதிவை ரத்து செய்தால்தான்.

மூன்று நாளும் எதுவும் செய்யாமல் விட்டால்? முதல் முறை செயலி உங்கள் முன்பதிவை ஏழு நாள் நிறுத்தி வைத்து நூலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும், இரண்டாவது முறையும் விட்டால் முன்பதிவே போய்விடும். நான் அப்படி ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். அறிவிப்பை அணைத்து வைத்திருந்தது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது தவணை. நூலகத்தைப் பொறுத்து 7, 14, 21 நாள் என்று தேர்வு இருக்கும், ஆனால் அது இரவல் எடுக்கும் திரையிலேயே சின்னதாக இருப்பதால் பலர் கவனிக்காமல் கிடைத்த நாளோடு எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு அந்தத் தவணையை மாற்ற முடியாது, அதனால் நாள் எண்ணிக்கையைத் தொட்டு மாற்றிவிட்டு எடுங்கள். கடைசி நாள் இரவில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நம்பி இருப்பதும் ஆபத்துதான். முடிய மூன்று நாள் இருக்கும்போது புதுப்பிக்கும் வசதி திறக்கும், ஆனால் உங்களுக்குப் பின்னால் ஒருவர் காத்திருந்தாலே போதும், கிடைக்காது. மறுபடி முன்பதிவு செய்யத்தான் வழி. 96 பேர் நிற்கும் நூலுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். Skip the Line அல்லது Lucky Day என்று போட்டுச் சில பிரதிகள் வரிசையில்லாமல் உடனே கிடைக்கும், அவற்றுக்குத் தவணை குறைவு, புதுப்பிக்கவும் முடியாது. வேகமாகப் படிப்பவர்களுக்குத்தான் அது சரி.

இப்போது அந்தச் சோம்பேறித்தனம். நூல் தானாகத்தான் திரும்பப் போகிறதே என்று படித்து முடித்த பிறகும் அப்படியே வைத்திருப்போம். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 பிரதிக்கு 96 பேர், அதாவது ஒரு பிரதிக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் 21 நாள் முழுக்க வைத்திருந்தால் 168 நாள், 24 வாரம். எல்லோரும் 12 நாளில் முடித்து உடனே திருப்பினால் 96 நாள், 14 வாரத்துக்குள் அடங்கிவிடும். கடைசியில் நிற்பவருக்குப் பத்து வாரம் மிச்சம். செயலி காட்டும் காத்திருப்பு வாரம் ஒரு மதிப்பீடுதான், முன்னால் இருப்பவர்கள் சீக்கிரம் திருப்பினால் அது சட்டென்று குறையும். ஆறு வாரம் என்று காட்டிய நூல் மூன்று வாரத்தில் வந்து நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

திருப்புவதில் ஒரு குழப்பம் உண்டு. போனில் இடம் பிடிக்கிறது என்று இறக்கிய கோப்பை அழிப்பது திருப்புவது ஆகாது. செயலியையே நீக்கினாலும் நூல் உங்கள் அட்டையில்தான் இருக்கும், இரவல் வரம்பிலும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். Shelf-இல் அந்த நூலுக்குப் பக்கத்தில் Manage Loan, அதற்குள் Return Early, அதுதான் வழி. அமெரிக்க நூலகங்களில் கிண்டிலுக்கு அனுப்பிப் படிக்கலாம், அங்கேயும் கிண்டிலிலிருந்து நூலை நீக்கினால் திருப்பியதாகக் கணக்கில்லை.

எனக்கு வெகு நாள் தெரியாமல் இருந்த ஒன்று, சும்மா புரட்டிப் பார்க்க இரவல் எடுத்து ஐந்து நிமிடத்தில் திருப்பினால் யாருக்கும் நட்டமில்லை என்ற எண்ணமும் தவறுதான். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல் ஓர் உரிமத்துக்கு 26 இரவல் என்று வரம்பு வைத்தது. அப்படிப்பட்ட நூலை நீங்கள் ஐந்து நிமிடம் எடுத்தாலும் 26-இல் ஒன்று கழிந்துவிடும், சீக்கிரம் திருப்பினாலும் அது திரும்பி வராது. எண்ணிக்கை தீர்ந்தால் நூலகம் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். வேறு பல உரிமங்கள் எண்ணிக்கையில் இல்லாமல் இரண்டு ஆண்டுக் கணக்கில் முடியும், ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று திரையில் தெரியாது. அதனால் புரட்டிப் பார்க்க Read Sample-ஐ அழுத்துங்கள், முதல் சில பக்கங்கள் இரவல் எடுக்காமலே கிடைக்கும், அந்த எழுத்து நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

பாதியில் தவணை முடிந்துவிட்டால் குறிப்புகளெல்லாம் போச்சே என்று திரையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. லிபியிலேயே படித்தால் நீங்கள் கோடிட்ட வரிகளும் விட்ட இடமும் அங்கேயே இருக்கும். மறுபடி உங்கள் முறை வந்து எடுக்கும்போது, நான்கு மாதம் கழித்தே ஆனாலும், விட்ட பக்கத்திலேயே திறக்கும். யார் யார் கதாபாத்திரம் என்பது மட்டும்தான் நினைவில் இருக்காது.