பொதுச் சொல்லைக் காட்டி உரிமையைப் பறிக்கலாமா? சட்டபூர்வக் கோட்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயங்கரவாதத்துக்கு உதவுகிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலே போதும், ஒருவரின் சொத்தை முடக்கலாம் என்று 2006-இல் பிரிட்டன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. முடக்கப்பட்டவர் அன்றாடச் செலவுக்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். இந்த ஆணைக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையின் முடிவுகளைச் செயல்படுத்த ‘அவசியம் அல்லது உகந்தது’ என்று தோன்றுவதை ஆணையாகப் போடலாம் என்ற 1946-ஆம் ஆண்டுச் சட்டமே அரசு காட்டிய ஆதாரம்.

புதிதாகச் சட்டம் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ‘உகந்தது என்றால் எதுவும் அடங்குமே, சொல் தெளிவாகத்தானே இருக்கிறது’ என்று வாதிடுவார்கள். பொதுச் சொல்லைக் காட்டி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்பதே சட்டபூர்வக் கோட்பாடு. சொல்லில் குழப்பம் இருந்தால்தான் இந்தக் கோட்பாடு உதவும் என்ற நினைப்பு தவறு. சொல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது பொதுவான சொல் என்றால், அடிப்படை உரிமையைப் பறிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அதற்குள் வைக்கவில்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 1999-இல் சிம்ஸ் வழக்கில் பிரிட்டன் நீதிபதி ஹாஃப்மன் பிரபு இதற்குக் காரணம் சொன்னார்: உரிமையைப் பறிக்க விரும்பும் நாடாளுமன்றம் அதை நேருக்கு நேர் சந்தித்து, அரசியல் விலையையும் ஏற்க வேண்டும். பொதுச் சொல்லில் புதைத்துவிட்டால் அதன் விளைவு உறுப்பினர்களின் கண்ணில் படாமலே சட்டம் நிறைவேறிவிடும்.

சரி, வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த அதிகாரம் இல்லாமல் சட்டம் இயங்கவே முடியாது என்றால், அது சொல்லாமலே அடங்கும். ‘இருந்தால் வசதி’ என்பது போதாது. மாணவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

2010 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அகமது வழக்கில் அந்த ஆணை செல்லாது என்றது. பாதுகாப்பு அவையின் தீர்மானமே வெறும் சந்தேகத்தின்பேரில் முடக்கச் சொல்லவில்லை; அதைத் தாண்டிப்போகும் அதிகாரம் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுச் சொற்களில் இல்லை.

அடுத்த தவறு, ‘நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்துவிட்டது’ என்று எழுதுவது. ரத்தானது ஆணை மட்டும். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே நின்றது, அதன் பொருளைத்தான் நீதிமன்றம் குறுக்கிப் படித்தது. இது வெறும் வார்த்தை வித்தியாசம் அல்ல. பிரிட்டனில் நாடாளுமன்றம் தெளிவாக எழுதிவிட்டால் இந்தக் கோட்பாடு அதைத் தடுக்காது. பிப்ரவரியிலேயே முடக்கங்களைக் காக்கும் தற்காலிகச் சட்டம் வந்தது. அப்புறம் டிசம்பரில் நிரந்தரச் சட்டம். இந்த முறை சந்தேகத்தின்பேரில் இடைக்காலமாக முப்பது நாள் வரைதான் முடக்க முடிந்தது. அதைத் தாண்டி நீட்டிக்க, அந்த நபருக்குத் தொடர்பு உண்டு என்று நம்பவே நியாயமான காரணம் தேவைப்பட்டது. நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையும் சட்டத்திலேயே எழுதப்பட்டது.